மூடினார்கள், மூடிற்று, மூடப்பட்டது

இத்தாலிய வரலாற்று இதழ்களில் வெளிவரும் கட்டுரைச் சுருக்கம் பெரும்பாலும் ஒரு பத்திதான். அந்தப் பத்தி சில வேளைகளில் ஒரே வாக்கியமாகவும் இருக்கும். ‘இக்கட்டுரை ஆராய்கிறது’ என்று தொடங்கி, ஆராயப்படும் பொருளுக்கு ஓர் அடைமொழித் தொடர், அந்தத் தொடருக்குள் இன்னொரு தொடர், இடையில் ஒரு காலக்குறிப்பு, பிறகு ‘மேலும் காட்டுகிறது’ என்று ஒரு திருப்பம், அதன்பின் மீண்டும் தொடர்கள் என அது நீளும். வினைகளில் பாதிக்குமேல் செயப்பாட்டுவினைகளாக இருக்கும். தமிழாக்குவோர் இவற்றை இருவேறு தொல்லைகளாக எண்ணி, நீண்ட வாக்கியத்தை முதலில் உடைத்துவிட்டுப் பிறகு ‘படு’க்களைக் களையெடுக்கத் தொடங்குவர். அவை இரண்டும் ஒரே முடிச்சு என்பது வேலையில் இறங்கிய பிறகே தெரியவரும்.

ஊரிகத்தில் பிறந்து வளர்ந்த ஒரு மொழிபெயர்ப்பாளர் இந்த முடிச்சோடு சில வாரங்கள் போராடினார். இத்தாலியத் தொழிலாளர் வரலாற்றுக் கட்டுரைகளின் சுருக்கங்களைத் தமிழில் தருமாறு வரலாற்றுத் துறைத் தோழி ஒருவர் அவரிடம் கேட்டிருந்தார். பிறருடைய சுருக்கத்தில் கைவைக்குமுன், அவ்வகை நடையிலேயே ஒரு வாக்கியத்தைத் தாமே இத்தாலியத்தில் அமைத்து, அதைத் தமிழாக்கிப் பார்ப்பது என்று முடிவு செய்தார். பொருள் அறிமுகமானதாக இருந்தால் நடையின் சிக்கல் மட்டும் தனித்துத் தெரியும் என்பது அவருடைய கணக்கு. ஆகவே தம் ஊரையே பொருளாக எடுத்துக்கொண்டார்.

ஊரிகம், சாம்பியன் ரீஃப், மைசூர், நந்திதுர்க்கம் முதலிய சுரங்கங்கள் சேர்ந்ததே கோலார் தங்கவயல். அவற்றை ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்னும் லண்டன் நிறுவனம் நிர்வகித்தது. நிலத்தடியில் இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் வடார்க்காடு முதலிய அண்டை மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள். அவர்களுள்ளும் தாழ்த்தப்பட்ட மக்களே மிகுதி. ஆங்கிலேயரோடு இத்தாலியச் சுரங்கத் தொழிலாளர்களும் அங்கே வேலை செய்தனர் என்பது ஊருக்கு வெளியே பலரும் அறியாத செய்தி. 1930ஆம் ஆண்டில் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யும் முறை கொண்டுவரப்பட்டபோது, அவர்கள் 21 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவ்வேலைநிறுத்தமே மாதிரி வாக்கியத்தின் பொருள். அது மொழிப்பயிற்சிக்கென எழுதிய வாக்கியமேயன்றி, ஓர் ஆய்வின் முடிவன்று.

இத்தாலியச் சொல்வரிசை மாறாமல், தமிழ்ச் சொற்களை மட்டும் இட்டு நிரப்பினால் அவ்வாக்கியம் இவ்வாறு அமையும்: ‘இக்கட்டுரை ஆராய்கிறது வேலைநிறுத்தத்தை, எது 1930இல் மூன்று வாரம் முடக்கியதோ கோலார் தங்கச் சுரங்கங்களை, நிர்வகிக்கப்பட்டவை ஒரு லண்டன் நிறுவனத்தால், எவற்றில் உழைத்துவந்தனரோ பல பத்தாண்டுகளாக ஆயிரக்கணக்கான தொழிலாளர், திரட்டப்பட்டவர் அண்டைத் தமிழ் மாவட்டங்களில், கொண்டுவரப்பட்டபோது கைரேகைப் பதிவுக் கட்டாயம், மேலும் காட்டுகிறது, அந்தக் கிளர்ச்சி, பிறந்தது அங்கீகரிக்கப்பட்ட சங்கம் ஏதுமின்றி, விடுவிக்கப்பட வேண்டும் தன்னெழுச்சி என்னும் வகையிலிருந்து, எதில் நெடுங்காலம் வைக்கப்பட்டிருக்கிறதோ, இணைக்கப்பட வேண்டும் அமைப்பு வடிவங்களோடு, எவற்றின், துண்டறிக்கைகள் பல தொலைந்தமையால், காக்கப்படுகின்றனவோ சுவடுகள் மட்டும்.’

தன்னெழுச்சி என்ற சொல்லை அவர் வேண்டுமென்றே சேர்த்தார். கிராம்ஷியின் சிறைக்குறிப்பேடுகள் தொட்டு இத்தாலியச் சிந்தனையில் அது வாதத்துக்குரிய சொல். தூய தன்னெழுச்சி என ஒன்று வரலாற்றில் இல்லை என்பது கிராம்ஷியின் நிலை. அடித்தட்டு மக்களின் போராட்டங்களில் வழிநடத்திய கூறுகள் இருந்திருக்கும், அவற்றை உறுதிசெய்யும் ஆவணம் மட்டுமே எஞ்சுவதில்லை என்பது அவர் தரும் விளக்கம்.

இத்தாலியர் இவ்வாக்கியத்தைத் தடுமாற்றமின்றிப் படித்துவிடுவர். தலைச்சொல் முதலில் வந்துவிடுகிறது; அதைப் பற்றிய செய்திகள் பின்னால் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. ‘ஆராய்கிறது வேலைநிறுத்தத்தை’ என்றதுமே பொருள் கையில் கிடைத்துவிடுவதால், பின்வருவனவற்றை அதன்மேல் அடுக்கிக்கொண்டே போகலாம். தமிழில் பெயரெச்சத் தொடர் பெயருக்கு முன்னால் வரவேண்டும். அந்த மரபைப் பின்பற்றி மொழிபெயர்ப்பாளர் எழுதிய முதல் வரைவின் முற்பாதி இது: ‘அண்டைத் தமிழ் மாவட்டங்களிலிருந்து திரட்டப்பட்ட ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் பல பத்தாண்டுகளாக உழைத்துவந்த, லண்டன் நிறுவனம் ஒன்றால் நிர்வகிக்கப்பட்ட கோலார் தங்கச் சுரங்கங்களை, கைரேகைப் பதிவுக் கட்டாயம் கொண்டுவரப்பட்டபோது, 1930இல் மூன்று வாரம் முடக்கிய வேலைநிறுத்தம் இக்கட்டுரையில் ஆராயப்படுகிறது.’

இதில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆயினும் கட்டுரை எதைப் பற்றியது என்பது கடைசி மூன்று சொற்களில்தான் தெரிகிறது. அதுவரை படிப்பவர் மாவட்டங்கள், தொழிலாளர்கள், நிறுவனம், சுரங்கங்கள், கைரேகை ஆகிய அனைத்தையும் எதன்மீதும் சார்த்தி வைக்க முடியாமல் கையில் ஏந்திக்கொண்டே வரவேண்டும். தமிழில் நீண்ட வாக்கியம் எழுத முடியாது என்று இதற்குப் பொருளில்லை. ‘வந்து, கண்டு, கேட்டு, எழுதி’ என்று வினையெச்சங்களால் ஒரு பக்கம் வரைகூட நீட்டலாம். பழைய உரையாசிரியர்கள் நீட்டியிருக்கிறார்கள். ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் நீளத்தைத் தமிழ் தாங்கும். ஒன்றன் வயிற்றில் ஒன்றாக அடைக்கும் நீளத்தைத் தாங்காது.

வினையெச்சச் சங்கிலிக்கு ஒரு நிபந்தனை உண்டு. ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சமும் அது சென்று முடியும் வினைமுற்றும் பொதுவாக ஒரே எழுவாயைக் கொள்ள வேண்டும். இத்தாலியச் செயப்பாட்டுவினை ஏன் அவ்வளவு மிகுதியாக வருகிறது என்ற கேள்விக்கும் இங்கேதான் விடை இருக்கிறது. நீண்ட வாக்கியத்தில் எழுவாய் அடிக்கடி மாறினால் படிப்பவர் வழிதவறுவார். ‘அந்தக் கிளர்ச்சி’ என்று ஒருமுறை தொடங்கியதும், அது பிறந்தது, வைக்கப்பட்டது, விடுவிக்கப்பட வேண்டும், இணைக்கப்பட வேண்டும் என்று எல்லா வினைகளும் அந்த ஓர் எழுவாயையே பற்றிச் செல்கின்றன. செயப்பாட்டுவினைகளே அந்த நீளத்தைத் தாங்கும் தூண்கள். ‘தமிழுக்குச் செயப்பாட்டுவினை ஒவ்வாது’ என்று அனைத்தையும் செய்வினையாக்கினால் கிளர்ச்சி, ஆய்வாளர், நாம், நிறுவனம் என எழுவாய் வாக்கியத்துக்கு வாக்கியம் தாவும். எச்சச் சங்கிலி அறுந்துவிடும். ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அசைவது இதனால்தான்.

‘தமிழுக்கு ஒவ்வாது’ என்ற கருத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே, திராவிட மொழிகளில் முறையான செயப்பாட்டுவினை இல்லை என்றும், ‘படு’ சேர்த்து அமைப்பது பேச்சில் அரிது என்றும் எழுதினார். ‘படு’ என்பதன் அடிப்படைப் பொருள் உறுதல், துன்புறுதல். ‘வெட்டுண்டான்’ என்பதில் வரும் ‘உண்’, ‘அங்கீகாரம் பெற்ற’ என்பதில் வரும் ‘பெறு’ ஆகியனவும் அவ்வாறு பொருளை ஏற்பவர் பக்கமிருந்து பார்க்கும் வினைகளே. தொல்காப்பியமோ வேறொரு வழியைக் காட்டுகிறது. செயப்படுபொருளையே செய்த பொருள்போல வைத்துச் சொல்வதும் வழக்கே என்கிறது. திண்ணை மெழுகிற்று என்பது உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. திண்ணை தன்னைத் தானே மெழுகிக்கொள்ளாது என்பது கேட்பவருக்குத் தெரியும், ஆகவே குழப்பமில்லை.

ஆக, செய்தவரைச் சொல்லாமல் செயலைச் சொல்லத் தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உள்ளன. எந்த இத்தாலிய வடிவத்துக்கு எந்த வழி என்பதே சிக்கல். இத்தாலியத்திலும் செயப்பாட்டுவினை ஒன்றன்று. துணைவினையைப் பொறுத்து அது நான்கு வகைப்படும்.

‘எஸ்ஸெரே’, அதாவது ‘இரு’, சேர்ந்து வருவது முதல்வகை. இதில் ஓர் ஈரடித்தன்மை உண்டு. சுரங்கம் ‘எ கியூஸா’ என்றால் ‘மூடியிருக்கிறது’ என்ற நிலையையும் குறிக்கலாம். ‘மூடப்படுகிறது’ என்ற நிகழ்வையும் குறிக்கலாம். அந்த ஐயத்தை நீக்க விரும்புபவர் ‘வெனீரே’ என்ற ‘வா’வைத் துணைவினையாக்குவார், அது நிகழ்வை மட்டுமே குறிக்கும். ஆனால் தனிக் காலங்களில் மட்டுமே வரும், கூட்டுக் காலங்களில் வராது. மூன்றாவது, ‘சி’ என்ற சிற்றிடைச்சொல்லால் அமைவது. அதில் செய்தவரைப் பொதுவாகச் சொல்லவே முடியாது. ‘இன்னாரால்’ என்ற தொடருக்கு அங்கே இடமில்லை. நான்காவது, ‘அந்தாரே’ என்ற ‘போ’ சேர்ந்து அமைவது. இதற்கு இரு முகங்கள். பொதுவாக அது கடப்பாட்டைக் குறிக்கும். ‘வா ரிலெத்தோ’ என்றால் ‘மீண்டும் படிக்கப்பட வேண்டும்’. ஆனால் தொலைத்தல், அழித்தல் போன்ற சில வினைகளோடு சேரும்போது கடப்பாடு மறைந்து, ‘அந்தாத்தி பெர்தூத்தி’ என்பது ‘தொலைந்துபோயின’ என்று நிற்கும்.

அவ்விடத்தில் தமிழ் தானாக வந்து கைகொடுக்கிறது. தொலைந்துபோ, அழிந்துபோ, கெட்டுப்போ என்று நாமும் இழப்புக்குப் ‘போ’வையே துணைக்கழைக்கிறோம். உறவில்லாத இரு மொழிகள் இப்படிச் சந்திக்கும் இடத்தில் ‘தொலைக்கப்பட்டுள்ளன’ என்று எழுதுபவர், கிடைத்த கொடையை மறுப்பவர். அதனினும் ஆபத்து, இழப்புப் பொருளை அறியாமல் ‘தொலைக்கப்பட வேண்டும்’ என்று எழுதுவது. ஆவணங்களைத் தொலைக்கச் சொல்லும் வரலாற்றாசிரியர் எவரும் இலர். ஆகவே அத்தகைய பிழை வாக்கியத்தின் அபத்தத்தாலேயே பிடிபட்டுவிடும். ஆனால் மற்ற பிழைகள் அவ்வாறு பிடிபடா. இத்தாலியத்தை ஆங்கில வரைவின் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவருவோருக்கு இரு, வா, சி ஆகிய மூன்றும் ஆங்கிலத்தின் ஒரே ‘வாஸ்’ ஆகச் சுருங்கி வருகின்றன. பிறகு தமிழில் அனைத்தும் ‘பட்டது’ ஆகின்றன. மூலத்தில் வேறுபாடு இருந்தது என்பதற்கான தடயமே இருக்காது.

மாதிரி வாக்கியத்தில் செயப்பாட்டு வடிவங்கள் ஒன்பது. அவற்றுள் ஐந்து அதிகச் சிரமமின்றித் தீர்ந்தன. ‘ஜெஸ்தீத்தே’, நிர்வகிக்கப்பட்டவை: செய்தவர் வாக்கியத்திலேயே இருக்கிறார், ஆகவே ‘ஒரு லண்டன் நிறுவனம் நிர்வகித்தது’ என்று செய்வினையாக்கலாம். ‘ரிகொனொஷூத்தோ’, அங்கீகரிக்கப்பட்ட: ‘அங்கீகாரம் பெற்ற’. ‘அந்தாத்தி பெர்தூத்தி’: ‘தொலைந்துபோயின’. ‘வாதா சொத்ராத்தா’, ‘ரிகொந்தொத்தா’ ஆகிய கடப்பாட்டு இணை: ‘விடுவித்து, இணைத்துப் பார்க்க வேண்டும்’. இந்தக் கடைசித் தீர்வில் ஒரு நுட்பம் உண்டு. ‘வேண்டும்’ என்ற வினை எழுவாயை வற்புறுத்துவதில்லை. யார் பார்க்க வேண்டும் என்று சொல்லாமலே ‘பார்க்க வேண்டும்’ என்று முடிக்கலாம். எச்சமும் முற்றும் ஒரே சொல்லப்படாத எழுவாயைப் பகிர்ந்துகொள்வதால் சங்கிலியும் அறவில்லை. இத்தாலியத்தின் ‘போ’ வகைக் கடப்பாட்டுக்குத் தமிழில் இதைவிடப் பொருத்தமான இருக்கை இல்லை.

மீதி நான்கில்தான் வாரங்கள் கழிந்தன.

முதலாவது ‘ரெக்லுத்தாத்தி’, திரட்டப்பட்ட. தமிழ்ப் பெயரெச்சம் ‘படு’ இல்லாமலே செயப்பாட்டுப் பொருள் தரும். ‘எழுதிய கடிதம்’, ‘கட்டிய வீடு’ என்கிறோம். கடிதம் எழுதாது, வீடு கட்டாது. அம்முறையில் ‘மாவட்டங்களில் திரட்டிய தொழிலாளர்’ என்று எழுதிப் பார்த்தார். உடனே பொருள் கவிழ்ந்தது. தொழிலாளர் திரட்டவும் வல்லவர். அவர்கள் எதையோ திரட்டினார்கள் என்றும் படிக்கலாம். அஃறிணைப் பெயருக்கு முன்னால் ‘படு’வைத் தயங்காமல் விடலாம், செயல் செய்யக்கூடிய உயர்திணைப் பெயருக்கு முன்னால் விட்டால் செய்தவரும் செய்யப்பட்டவரும் இடம் மாறிவிடுவர். தொழிலாளர் வரலாற்றில் அந்த இடமாற்றம் சிறிய பிழையன்று.

சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற தம் பெரியப்பாவிடம் அந்தப் பகுதியை அவர் படித்துக் காட்டினார். முதியவர் ஒரு சொல்லில் நிறுத்தினார்.

“திரட்டப்பட்டன்னா? யாரு திரட்னா?”

“அது இதுல இல்ல பெரியப்பா.”

“எங்க தாத்தாவ காண்ட்ராக்டர் ஆளுங்க கூட்டியாந்தாங்கம்மா. அத எழுதேன்.”

எழுத முடியாது. மூலம் சொல்லாத வினைமுதலைச் சேர்ப்பது மொழிபெயர்ப்பாளரின் வேலையன்று. அது வரலாற்றாசிரியர் சான்று காட்டிச் சொல்ல வேண்டியது. ஆனால் முதியவர் தந்தது தகவல் மட்டுமன்று. ஓர் இலக்கண வடிவமும்கூட. ‘கூட்டியாந்தாங்க’ என்பதில் ‘காண்ட்ராக்டர் ஆளுங்க’ என்ற எழுவாயை எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கும். எழுவாய் தோன்றாத பலர்பால் வினைமுற்றே பேச்சுத் தமிழின் உண்மையான செயப்பாட்டுவினை. அன்று மாலை சுரங்கத்தைப் பற்றிய பேச்சில் அவர் பலமுறை அதைக் கேட்டார். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் சுரங்கங்கள் மூடப்பட்டன என்று ஆவண நடையில் எழுதுவோம். பெரியப்பா ‘மைன மூடிட்டாங்க’ என்றார். அடுத்த தலைமுறையினர் சிலர் ‘மைனு மூடிடுச்சு’ என்கிறார்கள்.

மூன்றும் ஒரே நிகழ்வைச் சொல்கின்றன. பொறுப்பை மட்டும் வெவ்வேறிடத்தில் வைக்கின்றன. ‘மூடினார்கள்’ என்பதில் செய்தவர் பெயர் இல்லை, ஆனால் அவர் மனிதர் என்பதும், பேசுபவர் அவருள் ஒருவர் அல்லர் என்பதும் வினைவிகுதியிலேயே இருக்கின்றன. ‘மூடப்பட்டது’ என்பதில் யாரோ செய்தார் என்பது மட்டும் இருக்கிறது. ‘மூடிற்று’ என்பதில் அதுவும் இல்லை; சாயங்காலம் தாமரை கூம்பியதுபோலச் சுரங்கமும் மூடிக்கொண்டது. செயப்பாட்டுவினை பொறுப்பை மறைக்கிறது என்று நடைக் கையேடுகள் எச்சரிப்பது வழக்கம். அந்த எச்சரிக்கைக்கு அஞ்சித் தமிழில் பலரும் தாவும் தன்வினை, பொறுப்பை அதனினும் முழுமையாக மறைக்கிறது.

இரண்டாவது இடமான ‘வென்னே இந்த்ரொதொத்தோ’ இதனால் தெளிவாயிற்று. ‘கைரேகைப் பதிவு கட்டாயமானபோது’ என்பது காதுக்கு இனியது. முதல் வரைவில் இருந்த ‘கொண்டுவரப்பட்டபோது’ என்பதைவிடச் சுருக்கம். ஆனால் இத்தாலியம் ‘வா’ என்ற துணைவினையைத் தேர்ந்திருக்கிறது. அது நிகழ்வை, ஒருவர் செய்த செயலைக் குறிக்கிறது. ‘கட்டாயமானது’ என்றால் விதி தானே முளைத்ததாகிவிடும். ஆகவே ‘கட்டாயமாக்கப்பட்டபோது’ என்று ‘படு’ தங்கியது. இங்கே ஒரு சிறு சபலமும் எழுந்தது. ‘கட்டாயமாக்கப்பட்டதும் அவர்கள் வேலையை நிறுத்தினர்’ என்று எழுதினால் தமிழ் ஓட்டம் இயல்பாக இருக்கிறது. மூலத்தில் உள்ள ‘அல்லொர்க்கே’ என்பதோ காலத்தை மட்டும் சொல்கிறது. ‘அதும்’ என்பது உடனடித்தன்மையைக் கூட்டி, காரணம் என்ற நிழலையும் விழச்செய்கிறது. ‘போது’ என்பதே போதும்.

மூன்றாவது இடம் ‘எ ஸ்தாத்தா கொல்லொகாத்தா’. தன்னெழுச்சி என்ற வகையில் கிளர்ச்சி நெடுங்காலம் வைக்கப்பட்டிருக்கிறது. பெரியப்பாவின் இலக்கணத்தைக் கற்ற உற்சாகத்தில் மொழிபெயர்ப்பாளர் ‘வைத்துவந்துள்ளனர்’ என்று எழுதினார். தோழி அதைப் பார்த்துவிட்டு, கட்டுரையாளர் தம் முந்தைய நூலில் அவ்வாறே எழுதியிருந்தால் என்ன செய்வது என்று கேட்டார். நியாயமான கேள்வி. பலர்பால் வினைமுற்று எழுதுபவரை அக்கூட்டத்திலிருந்து விலக்கிவிடுகிறது. ‘அவர்கள் தவறிழைத்தனர், நான் திருத்துகிறேன்’ என்ற தொனி அதில் ஏறிவிடுகிறது. இத்தாலியச் செயப்பாட்டுவினை யாரையும் விலக்கவில்லை. கட்டுரையாளரையும் உள்ளடக்கிக்கொள்ள அதில் இடமுண்டு. இங்கே ‘வைக்கப்பட்டுவந்துள்ளது’ என்பதே நேர்மையான வடிவம். பேச்சு வழக்குக்கு நெருக்கமானது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு வடிவத்தை எல்லா இடத்திலும் பெய்துவிட முடியாது.

வாக்கியத்தை உடைப்பதிலும் இத்தகைய கணக்கு உண்டு. துணைத்தொடராக இருந்ததைத் தனி வாக்கியமாக்கும்போது அதற்கு முற்றுவினை கிடைக்கிறது. முற்றுவினை கிடைத்ததும் அது பின்புலச் செய்தி என்ற நிலையிலிருந்து வலியுறுத்தும் கூற்று என்ற நிலைக்கு உயர்ந்துவிடுகிறது. எட்டுத் தொடர்களை எட்டு வாக்கியங்களாக்கினால் எட்டும் ஒரே எடையில் நிற்கும். கட்டுரையின் வாதம் எது, பின்புலம் எது என்பது மறையும். அவர் கண்ட வழி, இத்தாலிய வாக்கியத்தின் இரு முதன்மை வினைகளான ஆராய்கிறது, காட்டுகிறது ஆகியவற்றை முதலில் குறித்துக்கொள்வது. ‘இக்கட்டுரை’ என்ற எழுவாய் தமிழிலும் அவ்விரண்டு வினைகளோடு மட்டுமே வரும். பின்புல வாக்கியங்கள் எதிலும் அச்சொல் வராது. படிப்பவர் அறியாமலே அச்சொல்லைப் பிடித்துக்கொண்டு வாதத்தை இனங்காண்பார். இன்னொரு விதி, இணைப்புச்சொல் சேர்க்காமலிருப்பது. ‘சங்கம் எதுவும் இல்லை. ஆகவே தன்னெழுச்சி எனப்பட்டது’ என்று ஒரு வரைவில் ‘ஆகவே’ நுழைந்திருந்தது. மூலத்தில் அந்தக் காரண உறவு இல்லை. வாக்கியங்களுக்கிடையே தெரியும் இடைவெளியை அடைக்கும் ஆசையால் வந்தது அது. நீக்கினார்.

இறுதி வடிவம் இது:

‘1930ஆம் ஆண்டில் கோலார் தங்கச் சுரங்கங்களை மூன்று வாரம் முடக்கிய வேலைநிறுத்தத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. சுரங்கங்களை ஒரு லண்டன் நிறுவனம் நிர்வகித்தது. அண்டைத் தமிழ் மாவட்டங்களில் திரட்டப்பட்ட ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் அவற்றில் பல பத்தாண்டுகளாக உழைத்துவந்தனர். கைரேகைப் பதிவு கட்டாயமாக்கப்பட்டபோது வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. அங்கீகாரம் பெற்ற சங்கம் ஏதுமின்றிப் பிறந்த அக்கிளர்ச்சி, தன்னெழுச்சி என்னும் வகையிலேயே நெடுங்காலம் வைக்கப்பட்டுவந்துள்ளது. அவ்வகையிலிருந்து அதை விடுவித்து, அமைப்பு வடிவங்களோடு இணைத்துப் பார்க்க வேண்டும் என்று இக்கட்டுரை காட்டுகிறது. துண்டறிக்கைகள் பல தொலைந்துபோனமையால் அவ்வடிவங்களின் சுவடுகள் மட்டுமே எஞ்சியுள்ளன.’

ஒன்பதில் மூன்று ‘படு’க்கள் தங்கின. முதல் வாக்கியத்தில் ஒரு பெயரெச்சத் தொடர் மட்டுமே உண்டு. அது எட்டுச் சொற்களைத் தாண்டவில்லை என்பதால் தலைச்சொல்லுக்காக நெடுநேரம் காத்திருக்க வேண்டியதில்லை. தோழியிடம் அவர் இதைத் தந்தது ஒரு சோதனையோடு. மூலத்தைப் பாராமல் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதச் சொன்னார்: கட்டுரையின் வாதம் எது, தொழிலாளர்களைத் திரட்டியவர் யார், வேலைநிறுத்தத்துக்குக் காரணம் எது. முதலாவதற்குச் சரியான விடை வந்தது. மற்ற இரண்டுக்கும் ‘சொல்லப்படவில்லை’ என்று வந்தது. அதுவும் சரியான விடையே, மூலமும் சொல்லவில்லை. முந்தைய வரைவைப் படித்தவர்கள் மூன்றாவதற்குக் ‘கைரேகை’ என்று எழுதியிருந்தனர். வரலாறாக அது உண்மை. ஆனால் அந்த வாக்கியத்தில் இல்லாதது.

நான்காவது இடம் இன்னும் தீர்ந்தபாடில்லை. ‘சி கொன்ஸெர்வானோ’ என்பதற்குக் ‘காக்கப்படுகின்றன’ என்றும் பொருள், ‘எஞ்சியிருக்கின்றன’ என்றும் பொருள். காக்கப்படுகின்றன என்றால் ஓர் ஆவணக்காப்பகம் உண்டு, அலமாரி உண்டு, பூட்டுச்சாவியோடு ஒருவர் உண்டு. எஞ்சியுள்ளன என்றால் யாரும் எடுக்காததால் கிடக்கின்றன. ‘சி’ வடிவத்தில் செய்தவரைக் கேட்க முடியாது என்பதால் இத்தாலியம் இரண்டுக்கும் நடுவே சுகமாக நின்றுகொள்கிறது. வேறொருவரின் சுருக்கமாக இருந்தால் கட்டுரையாளருக்கு எழுதிக் கேட்கலாம். இந்த வாக்கியத்தை அமைத்தவரோ மொழிபெயர்ப்பாளரே. அமைக்கும்போது எதை எண்ணினோம் என்று அவராலேயே சொல்ல இயலவில்லை. பெரியப்பாவின் தகரப்பெட்டியில் பழைய சம்பளச் சீட்டுகள் சில கிடக்கின்றன. இப்போதைக்கு ‘எஞ்சியுள்ளன’ என்றே விட்டிருக்கிறார்.